லிஃப்ட் மெதுவாக ஏறுகிறதா, தூக்கியது தானாக இறங்குகிறதா? டிராக்டர் ஹைட்ராலிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஆடி, ஆவணியில் புழுதி உழவு தொடங்கியதும் ராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர் பக்கத்துப் பட்டறைகளில் லிஃப்ட் பற்றி இரண்டு புகார்கள் அடிக்கடி காதில் விழும். "கலப்பையைத் தூக்க மாட்டேங்குது" என்பது ஒன்று. "தூக்கினது நிக்காம தானா இறங்குது" என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "பம்ப் போயிருச்சு" என்று முடிவுகட்டிப் புதுப் பம்ப் வாங்கிப் போட்டுவிடுவார்கள். மறுநாளும் கலப்பை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இது இரண்டு வேறு கோளாறு. புதிதாக டிராக்டர் வாங்கியவரும் பட்டறையில் வேலை பழகுபவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

இங்கே சொல்வது கியர் பம்ப் வெளியே, என்ஜினோடு பொருத்தப்பட்டிருக்கும் வண்டிகளுக்கு. 35 முதல் 50 குதிரைத்திறன் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பம்ப் பின்பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகைக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

எண்ணெய் போகும் பாதை

பின்பெட்டியில் இருக்கும் எண்ணெயைப் பம்ப் ஒரு சல்லடை வழியாக உறிஞ்சுகிறது. அங்கிருந்து அழுத்தத்தோடு கன்ட்ரோல் வால்வுக்கு அனுப்புகிறது. நீங்கள் லீவரை மேலே இழுத்தால் வால்வ் அந்த எண்ணெயைச் சிலிண்டருக்குள் விடும். சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து, லிஃப்ட் கைகள் மேலே போகும். வேண்டிய உயரம் வந்ததும் வால்வ் வழியை அடைத்துவிடும். அதன்பிறகு பம்ப் அனுப்பும் எண்ணெய் வெறுமனே பெட்டிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். கலப்பையைத் தாங்கி நிற்பது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய் மட்டும்தான். அதைத் திரும்ப விடாமல் ஒரு திரும்பா வால்வும் இறக்கும் வால்வும் பிடித்துவைத்திருக்கின்றன.

ஆக, ஏறுவது பம்பின் வேலை. நிற்பது அடைப்புகளின் வேலை. என்ஜினை அணைத்த பிறகும் கலப்பை இறங்கினால், அதற்குப் பம்பைக் குற்றம் சொல்ல வழியில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். சிலிண்டரின் குறுக்களவு 10 செ.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 11 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழுதாகத் தூக்க ஏறத்தாழ 860 மி.லி. எண்ணெய் தேவை. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் பம்ப் என்றால், விநாடிக்கு 330 மி.லி. ஆக, தூக்க இரண்டரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதே வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது பம்ப் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும். அப்போது 7 விநாடிக்கு மேல் ஆவது இயல்பு. ஐட்லிங்கில் தூக்கிப் பார்த்துவிட்டு "மெதுவா ஏறுது" என்று சொல்வதில் பொருளில்லை.

இப்போது இறங்கும் பக்கத்தைப் பாருங்கள். கைகளின் நுனி முழுதாக 65 செ.மீ. ஏற 860 மி.லி. வேண்டும் என்றால், 10 செ.மீ. இறங்க 130 மி.லி. கசிந்தால் போதும். ஒரு சின்ன டம்ளர் அளவு. 5 நிமிடத்தில் அவ்வளவு இறங்குகிறது என்றால் நிமிடத்துக்கு 26 மி.லி. கசிகிறது. பம்ப் நிமிடத்துக்குத் தருவதோ 20,000 மி.லி. கலப்பையைக் கண்ணுக்குத் தெரிய இறக்கிவிடும் இந்தக் கசிவு, ஏறும் வேகத்தைத் துளியும் குறைக்காது. இரண்டு புகாரும் ஒரே வண்டியில் இருந்தால், பெரும்பாலும் இரண்டு கோளாறு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள். சிலிண்டர் சீல் முழுக்கக் கிழிந்துபோனால்தான் ஒரே காரணம் இரண்டையும் செய்யும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

தூக்கிய கலப்பைக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. லிஃப்ட் தாங்கும் என்று நம்பி அடியில் படுத்து வேலை செய்வதைவிட ஆபத்தான பழக்கம் டிராக்டரில் வேறு இல்லை. சோதனைக்காகத் தூக்கி நிறுத்தினாலும், கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். எந்தக் குழாயை, எந்தத் திருகைக் கழற்றுவதானாலும் கலப்பையை முழுதாகத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, லீவரை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். ஓடும்போது குழாயில் கசிவு தேட விரலை வைத்துத் தடவாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் விரலையே எடுக்க நேரிடும். ஒரு அட்டையைக் காட்டிப் பார்த்தால் போதும்.

அடுத்து லீவர்கள். பெரும்பாலான வண்டிகளில் பொசிஷன் லீவர், டிராஃப்ட் லீவர் என்று இரண்டு இருக்கும். டிராஃப்டில் ஓட்டும்போது மண் இறுகிய இடத்தில் கலப்பை கொஞ்சம் எழும்பும், இளகிய இடத்தில் இறங்கும். அது கோளாறில்லை, அதன் வேலையே அதுதான். கமுதிப் பக்கத்துக் கரிசலில் ஓட்டிவிட்டு உச்சிப்புளிப் பக்கத்து மணலில் இறக்கினால் கலப்பை வேறு மாதிரி நடப்பதும் இதனால்தான். சோதனை எல்லாவற்றையும் பொசிஷன் லீவரில் மட்டும் செய்யுங்கள். டிராஃப்ட் லீவரை வண்டிப் புத்தகம் சொல்லும் இடத்தில் நிறுத்திவையுங்கள்.

கடற்கரை ஊர்களில் இன்னொன்றையும் முதலிலேயே பார்க்க வேண்டும். தொண்டி, தேவிபட்டினம், வாலிநோக்கம் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு லீவர் கம்பிகளும் அவற்றின் மூட்டுகளும் துருப்பிடித்து இறுகிப்போகும். நீங்கள் லீவரை முழுக்க இழுத்திருப்பீர்கள், ஆனால் உள்ளே வால்வ் பாதிதான் திறந்திருக்கும். லீவர் முதல் வால்வ் வரை போகும் கம்பியை ஒரு ஆள் ஆட்ட, இன்னொருவர் கீழே நின்று பாருங்கள். ஆட்டம் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்றால், துருவை எடுத்து எண்ணெய் விட்டு இளக்கிய பிறகுதான் மற்ற சோதனை.

எண்ணெயைப் பாருங்கள்: அளவு, நிறம், நுரை

சமதளத்தில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, என்ஜினை அணைத்து ஒரு பத்து நிமிடம் விட்ட பிறகு அளவுக்குச்சியைப் பாருங்கள். கைகள் மேலே இருக்கும்போது பார்த்தால், சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் கணக்கில் வராது. டிப்பர் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளில் இது ரொம்ப முக்கியம். டிரெய்லரின் ஜாக்கிக்குள் பல லிட்டர் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். டிரெய்லர் தொட்டியை முழுதாக இறக்காமல் குழாயைக் கழற்றிவிட்டால், அந்த எண்ணெய் டிரெய்லரோடு போய்விட்டது என்று பொருள். மறுநாள் கலப்பையை மாட்டும்போது பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். உப்பு, மணல், கருவேல விறகு என்று ஒரே டிரெய்லரை நாலு வண்டிகள் மாறிமாறி இழுக்கும் ஊர்களில், அடுத்த வண்டியின் அழுக்கு எண்ணெயும் உங்கள் பெட்டிக்குள் வந்து சேரும்.

வெளியே சொட்டே இல்லாமல் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறதா? என்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அங்கே அளவு ஏறியிருந்தால் பம்பின் ஷாஃப்ட் சீல் போய்விட்டது, ஹைட்ராலிக் எண்ணெய் என்ஜினுக்குள் இறங்குகிறது. சீலை மாற்றி, என்ஜின் ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை ஓட்டக் கூடாது.

அடுத்து, ஒரு மணி நேரம் வேலை செய்த வண்டியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். வெளுத்துப்போன மோர் நிறத்தில் இருந்தால் காற்றாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். இதைப் பிரித்துச் சொல்ல நேரம் ஒன்றே போதும். காற்று என்றால் குமிழிகள் மேலே ஏறி, அடியிலிருந்து தெளிந்துகொண்டே வரும். அரை மணி, ஒரு மணிக்குள் பழைய நிறம் வந்துவிடும். தண்ணீர் என்றால் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருக்கும், சில சமயம் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் கலந்த எண்ணெய் சடசடவென்று தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்க முடியாது. முழு எண்ணெயையும் இறக்க வேண்டும். பொது எண்ணெய்ப் பெட்டி உள்ள வண்டிகள் பலவற்றில் 30 லிட்டருக்கும் மேல் பிடிக்கும், ஆகவே செலவு இருக்கிறது. அதனால் தண்ணீர் வந்த வழியை முதலில் அடையுங்கள். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருப்பது, அளவுக்குச்சி மூடி தொலைந்து துணியைச் செருகியிருப்பது, பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும்போது பெட்டியின் மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போவது, இந்த மூன்றும்தான் வழக்கமான வழிகள்.

ஊற்ற வேண்டிய எண்ணெய் எது என்பதை வண்டிப் புத்தகத்தில் பார்த்தே வாங்குங்கள். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளுக்கு அதற்கென்றே உள்ள வெட் பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கெட்டியான கியர் ஆயில் 90-ஐ ஊற்றினால் காலையில் பம்ப் உறிஞ்சத் திணறும், பிரேக்கும் கெடும்.

மெதுவாக ஏறினால்

கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை அளக்க வேண்டும். முதலில் கலப்பை இல்லாமல் வெறும் கைகள். பிறகு ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி. இரண்டும் ஒரே என்ஜின் வேகத்தில், எண்ணெய் சூடான பிறகு.

வெறும் கைகளே மெதுவாக ஏறினால் பம்புக்குப் போதிய எண்ணெய் வந்து சேரவில்லை, அல்லது வால்வ் முழுதாகத் திறக்கவில்லை. வெறும் கைகள் விரைவாக ஏறி, பாரம் வந்ததும் தளர்ந்தால் எண்ணெய் வருகிறது, அழுத்தம் ஏறியதும் எங்கோ திரும்பி ஓடுகிறது. தேய்ந்த பம்பும், அழுத்தம் எல்லை தாண்டினால் மட்டும் எண்ணெயைப் பெட்டிக்குத் திருப்பிவிட வேண்டிய ரிலீஃப் வால்வ் சீக்கிரமே திறந்துகொள்வதும் இப்படித்தான் செய்யும்.

சூட்டையும் கவனியுங்கள். காலையில் மந்தமாக இருந்து, வண்டி சூடானதும் சரியாகிவிட்டால் சல்லடை அடைத்திருக்கிறது அல்லது எண்ணெய் கெட்டியானது. காலையில் நன்றாக இருந்து, பதினோரு மணிக்கு மேல் தளர்ந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். எண்ணெய் இளகி, தேய்ந்த பம்பின் இடுக்கு வழியே பின்னோக்கி ஓடுவது ஒன்று. உறிஞ்சும் பக்கம் காற்று புகுந்து, நேரம் ஆக ஆக எண்ணெய் முழுக்க நுரையாவது மற்றொன்று. முதலாவதற்குப் பம்ப் வேண்டும், இரண்டாவதற்கு ஒரு ஓரிங் போதும். முன்னே சொன்ன கண்ணாடிப் பாட்டில்தான் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சல்லடையைக் கழற்றும்போது அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைக் கழுவுவதற்கு முன் பாருங்கள். வெள்ளிப் பூச்சு போல மினுமினுக்கும் நைசான அலுமினியத் தூள், காந்தத்தில் ஒட்டாது. பம்பின் உடல் தேய்கிறது என்பதற்கு அது அடையாளம். காந்தத்தில் ஒட்டும் இரும்புச் செதில் கியர்பெட்டியிலிருந்து வருவது. கருப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் ஏதோ ஒரு சீல் பிய்ந்துகொண்டிருக்கிறது. பார்த்த பிறகு டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். காகித ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

காற்று புகும் இடத்தைத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உறிஞ்சும் குழாயில் எண்ணெய் வெளியே சொட்டாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பது போலத்தான், வெளியே ஒன்றும் கொட்டாது, வாய்க்கு மட்டும் காற்று வரும். உறிஞ்சும் பக்கம் எண்ணெய் பீய்ச்சாது என்பதால் இங்கே மட்டும் என்ஜினை ஓடவிட்டு, பெட்டியிலிருந்து பம்ப் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பின் மீதும் கெட்டியாகக் கிரீஸை அப்பிக்கொண்டே வாருங்கள். ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை போகும் என்பதால் சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். பம்பின் கீச்சுச் சத்தம் எந்த இணைப்பில் கிரீஸ் வைத்ததும் குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. சத்தம் மாறியதும் கிளாம்பை இறுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளே இருக்கும் ஓரிங்கையும் மாற்றிவிடுங்கள். வெயிலில் வெந்த ஓரிங் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழாது.

இவை எல்லாம் சரி, இன்னும் பாரத்தில் தளர்கிறது என்றால் அழுத்தமானியை மாட்டிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. 250 பார் வரை காட்டும் மீட்டரை டிப்பர் குழாய் மாட்டும் இணைப்பில் பொருத்தி, லீவரை மேலே பிடித்து 5 விநாடிக்குள் அளவைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். நெடுநேரம் பிடித்தால் எண்ணெய் கொதிக்கும். ரிலீஃப் வால்வ் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 150 முதல் 210 பாருக்குள் இருக்கும், ஆனால் உங்கள் வண்டிக்குரிய எண்ணை வண்டிப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் வெளியிடும் அறிக்கைகளிலும் ஒவ்வொரு மாடலின் பம்ப் அளவும் ரிலீஃப் அழுத்தமும் இருக்கும். முழு வேகத்தில் அழுத்தம் வந்து, சூடான பிறகு ஐட்லிங்கில் வரவில்லை என்றால் பம்ப் தேய்ந்துவிட்டது. எந்த வேகத்திலும் ஒரே குறைந்த எண்ணில் போய் நின்றால் ரிலீஃப் வால்வைச் சந்தேகியுங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது வால்வ் மூடி உட்காரும் இருக்கையில் தூசு மாட்டியிருக்கும். மீட்டர் இல்லாமல் ரிலீஃப் திருகை இறுக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது வேண்டாம். அழுத்தம் எல்லை மீறினால் முதலில் வெடிப்பது பம்பின் உடலோ லிஃப்டின் வார்ப்போதான்.

பம்பை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பொருத்துவதற்கு முன் உறிஞ்சும் வாய் வழியாகப் புது எண்ணெயை ஊற்றி, கையால் சுற்றிப் பம்பை நிரப்புங்கள். காய்ந்த பம்ப் ஒரு நிமிடம் ஓடினாலே உள்ளே கோடு விழுந்துவிடும். முதல் சில நிமிடம் ஐட்லிங்கில், பாரமில்லாமல் ஓட்டி, கைகளை மெதுவாகப் பத்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு எண்ணெய் அளவை மறுபடி பார்த்து நிரப்புங்கள்.

தானாக இறங்கினால்

டிப்பர் குழாயை முதலில் கழற்றிவிடுங்கள். அந்த இணைப்பில் கசிந்தாலும் சில வண்டிகளில் கைகள் இறங்கும். பிறகு ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி, என்ஜினை அணைத்து, லீவரைத் தொடாமல் விடுங்கள். லோயர் லிங்கின் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பக்கவாட்டில் நின்று டேப்பால் அளந்து, 10 நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். ஓரிரு செ.மீ. இறங்குவது பழைய வண்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடியது. அதற்கு மேல் என்றால் தேடலாம். என்ஜின் ஓடும்போது கைகள் கொஞ்சம் இறங்கி, சட்டென்று மேலே போய், மறுபடி இறங்கித் தலையாட்டிக்கொண்டே இருந்தால் அதுவும் இதே கோளாறுதான். கசிந்து இறங்குவதை வால்வ் உணர்ந்து மறுபடி மறுபடி ஏற்றுகிறது.

எங்கே கசிகிறது என்று அறிய லிஃப்டைப் பிரிக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் அல்லது முன்னால், கலப்பை இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு இருக்கும். அதை முழுதாக அடைத்தால் சிலிண்டர் வேறு, கன்ட்ரோல் வால்வ் வேறு என்று பிரிந்துவிடும். சில மாடல்களில் இது வேகத்தைக் குறைக்க மட்டுமே செய்யும், முழுதாக அடைக்காது. ஆகவே வண்டிப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கலப்பையைத் தூக்கி, என்ஜினை அணைத்து, இந்தத் திருகை அடைத்துவிட்டு மறுபடி 10 நிமிடம் அளந்து பாருங்கள். இறங்குவது நின்றுவிட்டால் கசிவு வால்வ் பக்கம். அப்படியும் இறங்கினால் சிலிண்டர் சீல், அல்லது சிலிண்டரோடு சேர்ந்த பாதுகாப்பு வால்வ். இந்த ஒரு சோதனை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

வால்வ் பக்கம் என்றால் நிம்மதி. பெரும்பாலும் திரும்பா வால்வின் இருக்கையில் ஒரு தூசோ உலோகத் துணுக்கோ மாட்டியிருக்கும். கழற்றி, டீசலில் கழுவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். இருக்கையில் மூடியை வைத்து மேலே டீசலை ஊற்றிப் பார்த்தால், நல்ல வால்வில் அடியில் சொட்டாது. சொட்டினால், மூடியின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே அகலத்தில் மினுங்கும் வளையம் தெரிய வேண்டும். அது எங்கேயாவது அறுபட்டிருந்தால் அந்த இடம்தான் கசியும் இடம். கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூலை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. ஸ்பூலும் அதன் கூடும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. ஸ்பூலில் கோடு விழுந்திருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

சிலிண்டர் பக்கம் என்றால் பல வண்டிகளில் மேல்மூடியைத் தூக்க வேண்டியிருக்கும். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், செயின் பிளாக் வேண்டும். பிஸ்டனை எடுத்ததும் சீலைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரின் உட்சுவரை விரல் நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் புதுச் சீலும் சில வாரத்தில் கிழிந்துவிடும், சிலிண்டரையே மாற்ற வேண்டும். நகம் தடுக்கவில்லை என்றால் சீல் மட்டும் போதும். ஓரிங்கும் அதோடு தோல் அல்லது டெஃப்லான் துணை வளையமும் ஒரே பள்ளத்தில் உட்காரும். அதில் ஓரிங் எண்ணெய் அழுத்தும் பக்கம் இருக்க வேண்டும், துணை வளையம் அதற்கு எதிர்ப்பக்கம். மாற்றிப் போட்டால் அழுத்தத்தில் ஓரிங் இடுக்கில் பிதுங்கி நறுக்குண்டு போகும். எண்ணெய் தடவி, வளையங்களைச் சுற்றிலும் அழுத்திக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது.

ஒரு வண்டியை வைத்துப் பார்ப்போம்

45 குதிரைத்திறன் வண்டி, திருவாடானைப் பக்கம் புழுதி உழவில் இருக்கிறது. காலையில் கலப்பை 3 விநாடியில் ஏறுகிறது. உச்சிவேளையில் 6 விநாடி ஆகிறது, பம்ப் கீச்சிடுகிறது. வரப்பு ஓரம் திரும்பும்போது தூக்கிய கலப்பை தலையாட்டுகிறது. முந்தின வாரம் மணல் டிரெய்லர் இழுத்திருக்கிறார்கள். இரண்டு புகார், ஆகவே இரண்டு தேடல்.

கலப்பையை இறக்கிவிட்டு அளவுக்குச்சியைப் பார்த்தால் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் அடியில் நிற்கிறது. என்ஜின் ஆயில் ஏறவில்லை. ஆக, காணாமல்போன எண்ணெய் டிரெய்லரில் இருக்கிறது. பாட்டிலில் எடுத்தது வெளுப்பாக இருந்து முக்கால் மணியில் தெளிகிறது. காற்றுதான், தண்ணீர் இல்லை. 4 லிட்டர் ஊற்றிய பிறகு உச்சிவேளையில் 4 விநாடி. பாதி சரியாகிவிட்டது. கிரீஸ் வைத்துப் பார்த்தால் பம்புக்கு நெருங்கிய உறிஞ்சும் இணைப்பில் சத்தம் அடங்குகிறது. ஓரிங் மாற்றியதும் எந்த நேரத்திலும் 3 விநாடி. சல்லடையில் அலுமினியத் தூள் இல்லை, பம்பைத் தொட வேண்டியதில்லை.

தலையாட்டுவது மட்டும் நிற்கவில்லை. என்ஜினை அணைத்து அளந்தால் 10 நிமிடத்தில் 12 செ.மீ. இறங்குகிறது. வேகத் திருகை அடைத்ததும் இறங்குவது நின்றுவிடுகிறது. சிலிண்டர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, மேல்மூடியைத் தூக்க வேண்டாம். திரும்பா வால்வைக் கழற்றினால் இருக்கையில் மணல் துகள். டிரெய்லர் குழாயின் முனையில் தொப்பி போடாமல் தரையில் இழுபட்டதால் வந்தது. கழுவிப் பூட்டியதும் 10 நிமிடத்துக்கு 1 செ.மீ. ஆனது மொத்தம் ஒரு ஓரிங்கும் 4 லிட்டர் எண்ணெயும் கொஞ்சம் டீசலும். டிரெய்லர் குழாய்க்கு ஒரு தொப்பி போட்டுவிட்டால் அந்த மணல் திரும்ப வராது.

பம்ப் உள்ளே இருக்கும் வகை

மாஸி ஃபெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் நான்கு பிஸ்டன் உள்ள பம்ப் பின்பெட்டிக்குள், பி.டி.ஓ. ஷாஃப்ட்டிலேயே இருக்கும். அந்த ஷாஃப்ட் சுற்றாவிட்டால் லிஃப்டும் ஏறாது. ஆகவே "ஏறவே மாட்டேங்குது" என்றால் முதலில் பி.டி.ஓ. லீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோல் வால்வ் இதில் பம்பின் உறிஞ்சும் பக்கம் இருப்பதால், வால்வ் அழுக்கில் சிக்கினால் பம்ப் பட்டினி கிடந்து மெதுவாக ஏற்றும். துடிதுடித்து ஏறினால் நான்கு அறைகளில் ஒன்று வேலை செய்யவில்லை.

இந்த வகையில் பம்பின் உள்வால்வுகளும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் வேலையில் பங்கெடுப்பதால், இறங்குவதற்குப் பம்பும் காரணமாகலாம். முன்னே சொன்ன விதிக்கு இது விலக்கு. ஆனால் கண்ணாலேயே பார்க்க ஒரு வசதி உண்டு. எண்ணெயைப் பக்கமூடிக்குக் கீழே வரும் அளவு இறக்கி வைத்துக்கொண்டு, கலப்பையைத் தூக்கி, கைகளுக்கு அடியில் உறுதியாக முட்டுக் கொடுத்து, அதன்மேல் பாரம் முழுக்க உட்காராத அளவுக்கு விரல் இடைவெளி விட்டு, என்ஜினை அணையுங்கள். பிறகு பக்கமூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கை உள்ளே போகக் கூடாது. சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து ஒழுகினால் பிஸ்டன் சீல். பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் தலைப்பில் ஒழுகினால் அதன் ஓரிங். பம்பிலிருந்தே ஒழுகினால் பம்பைக் கழற்ற வேண்டும்.

உழவில்லாத மாதங்களில்

ராமநாதபுரம் கரையில் பல வண்டிகள் அறுவடைக்குப் பிறகு மாதக்கணக்கில் நிற்கும். கைகள் இறங்கிய நிலையில் பிஸ்டன் சிலிண்டரின் அடியில் இருக்கும், மீதி உட்சுவர் பெட்டிக்குள் உள்ள ஈரக்காற்றில் கிடக்கும். மூச்சுக்குழாய் வழியாக வரும் கடற்காற்று இரவில் குளிர்ந்து உள்ளே வியர்க்கும்போது, எண்ணெய்ப் பூச்சு வடிந்துபோன அந்தச் சுவரில் துருப்புள்ளி விழலாம். பிறகு முதல் உழவிலேயே சீல் அந்தப் புள்ளிமேல் தேய்ந்து கிழியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ஜினைப் போட்டு, எண்ணெய் வெதுவெதுப்பாகும்வரை ஓட்டி, கைகளை நாலைந்து தடவை முழுக்க ஏற்றி இறக்கினால் சுவரில் புது எண்ணெய் படியும். மூச்சுக்குழாயின் மூடியை அப்போதே கழற்றி டீசலில் கழுவி, காயவைத்து மாட்டிவிடுங்கள்.